நாய்க்கு ஊசி முகாம்: நாலு வரி கேப்ஷனில் விட்டுப்போவது என்ன?

ஃபார்வர்டு பண்ணும் முன்… இந்த வாரம் ஒரு தடுப்பூசி முகாம் அறிவிப்பு

"நாளை நமது ஊரில் செல்லப்பிராணிகளுக்கான வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடைபெறும். பொதுமக்கள் தங்கள் செல்லப்பிராணிகளை அழைத்து வந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே இரண்டு கைகூப்பு எமோஜி, ஒரு லேப்ரடார் நாயின் படம். இந்த மாதிரி கேப்ஷன் உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். ஜூலை 6, செப்டம்பர் 28 நெருங்கும்போது இவை அதிகமாக வரும். முதலாவது, விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான தினம். 1885-ல் அதே ஜூலை 6-ம் தேதிதான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதல் முறையாகத் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார். இரண்டாவது, பாஸ்டர் மறைந்த நாள். உலக ரேபிஸ் தினம். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டி தமிழ்நாட்டில் பல கால்நடை மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் முகாம் நடத்துவார்கள். தனியார் கிளினிக்குகளும் நடத்தும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் இப்படிப்பட்ட கேப்ஷன்கள் தினமும் என் கண்ணில் படுகின்றன. தொடங்கி வைப்பவர் பெயரும் முன்னிலை வகிப்பவர் பெயரும் ஏழு வரிக்குப் போகும். நாயை வைத்திருப்பவருக்குத் தேவையான தகவல் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் தேதி, கட்டணம், கொண்டு வர வேண்டியவை என்று மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். பார்க்கச் சின்ன விஷயங்கள்தான். ஆனால், ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊரான மணமேல்குடியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தாலுகா தலைநகரம். வடக்கிலும் தெற்கிலும் மீன்பிடி ஊர்கள், உள்ளே போனால் வயல்கள். இப்படிப்பட்ட ஊரில் நாய் என்றால் பெரும்பாலும் வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய்தான். அங்கிருந்தே கேப்ஷனின் முதல் சிக்கல் ஆரம்பிக்கிறது.

'செல்லப்பிராணி' என்றால் எந்த நாய்?

கேப்ஷனில் லேப்ரடார் படம் இருந்தால், நாட்டு நாய் வைத்திருப்பவர் "இது பங்களா வீட்டுக்காரங்களுக்கு" என்று நினைத்துக் கடந்துபோவார். ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் தூக்கம், பகலில் மீன் இறக்கும் இடத்தில் சுற்றல் என்று வாழும் நாய் யாருடைய செல்லப்பிராணி? கேட்டால், "எங்க நாய் இல்லைங்க, சும்மா சோறு வைப்போம்" என்பார்கள்.

அந்த நாய்க்குத்தான் ஊசி அதிகம் தேவை. கட்டிப்போட்டு வளர்க்கும் நாய் வேறு நாயிடம் கடி வாங்கும் வாய்ப்பு குறைவு. அவிழ்த்துவிட்ட நாய் நாலு தெரு நாய்களோடு சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் அதே வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து படுக்கிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவிகிதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் நாய்களுக்குள் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்குள் வளரும் நாய்களை மட்டும் எண்ணினால் மணமேல்குடி மாதிரி ஊரில் அந்தக் கணக்கை எட்டவே முடியாது.

எனவே கேப்ஷன் எழுதுகிறவர் 'செல்லப்பிராணிகள்' என்பதோடு நிறுத்தாமல், "வீட்டு நாய், நாட்டு நாய், நீங்கள் சோறு வைக்கும் தெரு நாய், பூனை" என்று எழுதலாம். இரண்டு வார்த்தை கூடுதல்தான். படத்துக்கும் ஒரு நாட்டு நாயை வைக்கலாம். ஊரில் மாடல்களுக்குப் பஞ்சமில்லை.

முகாம் தேதி ஒன்று, உங்கள் குட்டியின் தேதி வேறு

முகாம் வருஷத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆனால், தடுப்பூசிக் கணக்கு குட்டி பிறந்த நாளிலிருந்து ஓடுகிறது. இந்த இரண்டு காலண்டரும் தானாக ஒத்துப்போகாது.

ரேபிஸ் தடுப்பூசியை குட்டிக்கு 12 வாரம், அதாவது ஏறக்குறைய மூன்று மாதம் ஆனதும் போடச் சொல்கிறார்கள். காரணம் சீம்பால். தாய் நாய்க்கு ஊசி போட்டிருந்தால், அதன் உடம்பில் உள்ள எதிர்ப்புப் பொருள் சீம்பால் வழியாகக் குட்டிக்கு வந்துவிடும். முதல் சில வாரங்களுக்கு அது நல்லதுதான். ஆனால், அந்தச் சமயத்தில் ஊசி போட்டால், தாயிடமிருந்து வந்த அதே எதிர்ப்புப் பொருள் ஊசி மருந்தையும் மடக்கிவிடலாம். குட்டியின் உடம்பு தானாக எதிர்ப்பு சக்தி உருவாக்கிக்கொள்ளாது. அட்டையில் 'போட்டாச்சு' என்று இருக்கும், உடம்பில் பாதுகாப்பு இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 20 அன்று பிறந்த ஒரு குட்டி. முகாம் ஜூலை 6. அன்றைக்குக் குட்டிக்கு 77 நாள், அதாவது 11 வாரம். 12 வாரம் நிறைவதோ ஜூலை 13. ஒரே ஒரு வாரம் குறைகிறது!

இப்போது என்ன செய்வது? 'இன்னும் வயசாகலை' என்று திரும்பி வந்துவிட்டால், அடுத்த முகாமுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் குட்டி தெருவெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஊர் முழுக்க நடக்கும் முகாம்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் விட்டுவிடாமல் போடுங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதனால் ஜூலை 6 அன்று கூட்டிக்கொண்டு போய், பிறந்த தேதியை மருத்துவரிடம் சொல்லி, அவர் சரி என்றால் போட்டுக்கொள்ளலாம். ஆனால், அந்த ஊசியோடு கணக்கு முடியவில்லை. மூன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். நான்கு வாரம் என்று வைத்தால் ஆகஸ்ட் 3. அன்றைக்குக் குட்டிக்கு 15 வாரம் ஆகியிருக்கும். சீம்பால் பிரச்னை அநேகமாகத் தீர்ந்திருக்கும்.

அந்த ஆகஸ்ட் 3-ல் ஊரில் எந்த முகாமும் இருக்காது. கேப்ஷனும் வராது. கால்நடை மருந்தகத்துக்கோ கிளினிக்குக்கோ நீங்களாகவே போக வேண்டிய நாள் அது. நிறைய பேர் தவறவிடுவது இங்கேதான். முகாமில் ஊசி போட்டு முடித்த கையோடு, அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். அப்படியே மொபைலில் ரிமைண்டரும் வைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு நிம்மதி. அடுத்த ஊசி ஒரு வருடத்துக்குள் போட்டால் போதும். அடுத்த ஆகஸ்ட் 3-க்கு முன்பே அடுத்த ஜூலை முகாம் வந்துவிடும், அதிலேயே போட்டுக்கொள்ளலாம். அதிலிருந்து முகாம் காலண்டரும் உங்கள் நாயின் காலண்டரும் ஒன்றாகிவிடுகின்றன. சில மருந்துகளின் லேபிளில் மூன்று வருடப் பாதுகாப்பு என்று இருக்கும். ஆனாலும், ரேபிஸ் அதிகமுள்ள நம் நாட்டில் வருடத்துக்கு ஒரு முறை போடுவதுதான் வழக்கம்.

இன்னொன்று. முதல் ஊசி போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பு எதிர்ப்பு சக்தியை உருவாக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். முகாமுக்குப் போய்விட்டு வந்த மறுநாளே குட்டியை அவிழ்த்துவிட்டு 'இனி பயமில்லை' என்று இருக்க முடியாது.

'இலவசம்' என்பது எதற்கு?

அடுத்தது கட்டணம். கேப்ஷனில் 'தடுப்பூசி இலவசம்' என்று மட்டும் இருந்தால், அது அநேகமாக ரேபிஸ் ஊசிக்கு மட்டும்தான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் வேறு நோய்களுக்கு ஒரு கூட்டுத் தடுப்பூசி இருக்கிறது. கிளினிக்குகளில் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்று சொல்வார்கள். பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கு ஒரே ஊசி. இதன் விலை ரேபிஸ் ஊசியைவிட அதிகம். பெரும்பாலும் கட்டணம் கொடுத்துத்தான் போட வேண்டும்.

இதில் குழம்பினால் விளைவு மோசம். 'ஊசி போட்டாச்சே' என்ற நம்பிக்கையில் இருக்கும் வீட்டில், குட்டி திடீரென்று சாப்பாட்டை மறுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து கழியும். இது பார்வோவின் வழக்கமான அடையாளம். ரேபிஸ் ஊசிக்கும் பார்வோவுக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். காரணம் அதே சீம்பால்தான். தாயின் பாதுகாப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரு ஊசி வீணானாலும் அடுத்தது பலிக்கட்டும் என்பதுதான் கணக்கு.

அதில் உள்ள எலிக்காய்ச்சல் பகுதி நம் கடற்கரை வயல் ஊர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும்போது, எலி சிறுநீர் கலந்த நீரில் நாய் நடக்கும், அதையே குடிக்கும். எலிக்காய்ச்சல் வந்த நாயின் சிறுநீர் வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றலாம். காசு கொடுத்துப் போட வேண்டுமா என்று யோசிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

அதனால், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஊசிக்கு என்று கேளுங்கள். ஊசிக்கு மட்டுமா, அட்டைக்கும் சிரிஞ்சுக்கும் சேர்த்தா, பூச்சி மருந்து கொடுத்தால் அதற்குத் தனியா என்றும் கேட்கலாம். ஒவ்வொரு நாய்க்கும் புது ஊசி எடுக்கிறார்களா என்பதையும் கண்ணால் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் இன்னும் நன்றாகப் பாருங்கள்.

முகாம் வரிசையில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு: "குட்டி சின்னதா இருக்கு, பாதி ஊசி போடுங்க." வேண்டாம். ரேபிஸ் ஊசியின் அளவு எடையைப் பொறுத்ததல்ல. பொமரேனியனுக்கும் ராஜபாளையத்துக்கும் அதே 1 மில்லிதான். பாதி போட்டால் பாதிப் பாதுகாப்பு கிடைக்கும் என்று அர்த்தமில்லை, பாதுகாப்பே கிடைக்காமல் போகலாம்.

ஐஸ் பெட்டியை எட்டிப் பாருங்கள்

கேப்ஷனில் இல்லாத, ஆனால் முகாமில் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு விஷயம், மருந்தின் குளிர்ச்சி. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். மணமேல்குடி வெயிலில், மேஜைமேல் திறந்து வைத்த மருந்து குப்பி மதியம்வரை அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், இங்கே ஒரு மாற்றுப் பக்கமும் உண்டு. சூடு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. மீன் பெட்டி நிறைய ஐஸை அள்ளிக் கொட்டிப் பழகிய ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீனுக்கு ஐஸ் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தடுப்பூசிக்கு அப்படி இல்லை. ஃப்ரீஸரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக் பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அதோடு ஒட்டி வைத்த குப்பிக்குள் மருந்து உறைந்துவிடலாம். ரேபிஸ் ஊசியில் மருந்தின் வீரியத்தைக் கூட்ட ஒரு துணைப்பொருள் கலந்திருக்கும். உறைந்து உருகினால் அது கட்டிகட்டியாகித் திரிந்துவிடும். பிறகு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது.

சுகாதாரத் துறையில் குழந்தைகளின் தடுப்பூசிக்குக் கையாளும் முறை சுலபமானது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பெட்டிக்குள் வைப்பார்கள். மருந்துக் கடையில் நீங்களே குப்பியை வாங்கிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் இதே விதிதான். சட்டைப் பையில் போடக் கூடாது, ஐஸ்கட்டிக்கு நடுவிலும் புதைக்கக் கூடாது. மருந்தை காகிதத்தில் சுற்றி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வையுங்கள்.

போட்ட பிறகு அட்டையில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எழுதி வாங்க வேண்டும். ஒரு டோஸ் குப்பி என்றால் அதன் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டிவிடுவார்கள். முகாம்களில் பெரும்பாலும் பத்து டோஸ் குப்பி. ஸ்டிக்கர் எல்லோருக்கும் கிடைக்காது, பேட்ச் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 'ஊசி போட்டேன்' என்பதற்கு இந்த அட்டைதான் சான்று. சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுக்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். நாளைக்கு நாயோடு வேறு ஊருக்குக் குடிபோனாலும் இது உதவும். அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாயே மென்றுவிடுவது உண்டு.

கயிறு, அட்டை, பழக்கப்பட்ட ஆள்

'கொண்டு வர வேண்டியவை' என்பதில் முதல் பொருள், நாய்க்குப் பழக்கப்பட்ட ஒரு பெரியவர். முகாமுக்கு நாயை இழுத்து வருவது பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கடலிலிருந்து திரும்பியிருக்க மாட்டார், அம்மாவுக்கு வேலை. முப்பது நாய்கள் ஒரே இடத்தில் கூடும்போது உறுமல் தொடங்கும். நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பையன். முகாமில் நடக்கும் கடிகளைத் தவிர்க்க இதைவிடப் பெரிய வழி இல்லை.

கழுத்துப்பட்டை இல்லாத நாட்டு நாய்க்குத் தடித்த பருத்திக் கயிறு போதும். நைலான் கயிறு கையை அறுக்கும், நாயின் கழுத்தையும் அறுக்கும். கடிக்கும் நாய் என்றால் அகலமான துணிப்பட்டையால் வாயைச் சுற்றிக் கட்டி, முடிச்சைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவார்கள். ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் அது. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயிலில் வாயைக் கட்டியபடி வரிசையில் நிற்க வைத்தால் ஆபத்து. பூனையைக் கையில் தூக்கி வராதீர்கள். மூடி போட்ட கூடையில் அல்லது தலையணை உறையில் கொண்டு வரலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. காய்ச்சல், கழிச்சல் இருந்தால் சொல்ல வேண்டும், ஊசியைத் தள்ளிப்போடுவார். சினையாக இருந்தால் சொல்ல வேண்டும். முன்பு ஊசிக்குப் பிறகு முகம் வீங்கியிருந்தால் அதையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாய் கடந்த பத்து நாட்களில் யாரையாவது கடித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏன் என்று கீழே பார்க்கலாம்.

ஊசி போட்டதும் ஓடிவிடாமல் அரை மணி நேரம் நிழலில் இருங்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். முகம், கண் இமை வீங்கும். வாந்தி எடுக்கும், தள்ளாடும். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சமாளிக்க முடியும். வீட்டுக்குப் போன பிறகு ஓரிரு நாள் சோர்ந்து படுப்பதும், ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி இருப்பதும் சாதாரணம்.

'ஊசி போட்ட நாய்தானே கடிச்சுது?'

முகாமைவிட முக்கியமான விஷயம் இதுதான். எந்த கேப்ஷனிலும் இது வருவதில்லை.

ஜூலையில் ஊசி போட்ட நாய், ஆகஸ்ட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாய்க்காரர் அட்டையை எடுத்துக் காட்டி, "ஊசி போட்ட நாய்தான், ஒண்ணும் ஆகாது" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால், அந்த அட்டையை நம்பிக் குழந்தைக்கு ஊசி போடாமல் இருக்கக் கூடாது. குளிர்ச்சி தவறியிருக்கலாம். குட்டி சின்னதாக இருந்திருக்கலாம். இரண்டாவது ஊசி விட்டுப்போயிருக்கலாம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவருக்குச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல். ரேபிஸின் அறிகுறி மனிதரிடம் தெரிந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

முதல் வேலை சோப்பும் ஓடும் தண்ணீரும். 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரம் பார்த்து. 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. குழந்தை அழும், பெரியவர்கள் 'போதும்' என்பார்கள், விடக் கூடாது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். அடுத்து, அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாள் என்று ஊசி போடுவார்கள். ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவை. இதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தடுப்பூசி வேலை செய்ய நாளாகும், அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்குவது இந்த மருந்துதான்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா, பாட்டி சொல்லும் கதை பொய்யில்லை. ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த பழைய மருந்து அப்படித்தான் போடப்பட்டது. நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் அந்தக் காலத்தில் அந்த மருந்தைத் தயாரித்த இடங்களில் ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா அந்த மருந்தைக் கைவிட்டுவிட்டது. இப்போது கையில் போடும் சின்ன ஊசிதான். பழைய பயத்தில் யாரும் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

நாயை என்ன செய்வது? அடித்துக் கொல்லக் கூடாது, துரத்தியும் விடக் கூடாது. கட்டிப்போட்டு, சோறும் தண்ணீரும் வைத்து, பத்து நாள் கவனிக்க வேண்டும். ரேபிஸ் வைரஸ் நாயின் எச்சிலில் வருவது, நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிலிருந்துதான். கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், பத்து நாளுக்குள் நாய்க்கு நோய் தெரியும் அல்லது நாய் இறந்துவிடும். பத்தாம் நாளும் நாய் நன்றாக இருந்தால், கடித்தபோது எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அதன்பிறகு குழந்தைக்கு மீதி ஊசிகளை எப்படிப் போடுவது என்று மருத்துவர் முடிவு செய்வார். பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று மட்டும் காத்திருக்கக் கூடாது. கவனிப்பும் சிகிச்சையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். முகாமில் 'பத்து நாளில் யாரையாவது கடித்ததா' என்று கேட்பதும் இதற்காகத்தான்.

அந்தப் பத்து நாளில் எதைப் பார்க்க வேண்டும்? எப்போதும் துள்ளும் நாய் இருட்டு மூலையில் ஒதுங்கலாம். அமைதியான நாய் கல், கட்டை, கம்பி எல்லாவற்றையும் கடிக்கலாம். குரைப்பு குரல் மாறும். கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடியும். இதில் கடைசியாகச் சொன்னதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். 'தொண்டையில் மீன் முள் மாட்டிக்கிச்சு' என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். மீன் தின்னும் நாய்கள் உள்ள ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால், திடீரென்று தாடை தொங்கிய நாயின் வாயில் கை வைக்கவே கூடாது. மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடைகளுக்கான 1962 எண்ணை அழையுங்கள். தண்ணீர் குடிக்கிறதே, அப்போ ரேபிஸ் இல்லை என்ற கணக்கும் தவறு. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவது மனிதருக்கு வரும் அறிகுறி. நோயுள்ள நாய் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, இவ்வளவையும் ஒரு கேப்ஷனில் அடக்க முடியுமா? ஓரளவு முடியும். முகாம் நடத்தும் கிளினிக்குகளும் இளைஞர் குழுக்களும் எடுத்துப் பயன்படுத்த ஒரு மாதிரி இது. கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் பெயரைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம், இடம் மிஞ்சினால்.

*நாய், பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம். நாட்டு நாய், நீங்கள் சோறு வைக்கும் தெரு நாய்க்கும் உண்டு.*

*நாள்: ____ காலை ____ மணி முதல் ____ வரை. இடம்: ____. வெயிலுக்கு முன் வாருங்கள்.*

*ரேபிஸ் ஊசி: ____ ரூபாய் / இலவசம். பார்வோ உள்ளிட்ட கூட்டு ஊசி தனி: ____ ரூபாய். அட்டை: ____.*

*வயது: மூன்று மாதம் முடிந்தவை. அதைவிடச் சின்னக் குட்டி என்றால் பிறந்த தேதியோடு வந்து மருத்துவரைக் கேளுங்கள். முதல் முறை போடும் குட்டிக்கு இரண்டாவது ஊசி: ____ தேதி, ____ இடத்தில்.*

*கொண்டு வர: பழைய ஊசி அட்டை, பருத்திக் கயிறு, பூனைக்கு மூடிய கூடை, குடிக்கத் தண்ணீர். நாயைப் பிடிக்கப் பெரியவர் ஒருவர் வர வேண்டும், சிறுவர்களை அனுப்ப வேண்டாம்.*

*சொல்ல வேண்டியது: காய்ச்சல், சினை, முந்தைய ஒவ்வாமை, பத்து நாளுக்குள் யாரையாவது கடித்திருந்தால் அது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் இருந்து போகவும்.*

*ஊசி போட்ட நாய் கடித்தாலும், 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவும்.*